ஒசாகாவிலிருந்து வந்த அந்தப் பதில்

அன்புள்ள நண்பா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் நலம். சின்னவள் சைக்கிள் ஓட்டப் பழகிவிட்டாள். வேறு விசேஷம் இல்லை, அதனால் நேராக, ஒசாகாவிலிருந்து வந்த பதில் சம்மதமா மறுப்பா என்று நீ கேட்டதற்கு வருகிறேன்.

ஒசாகா மொத்த வியாபாரியிடமிருந்து வந்த மெயிலை அப்படியே அனுப்பியது நல்லதாகப் போயிற்று. சுருக்கிச் சொல்லியிருந்தால் எனக்கும் பிடிபட்டிருக்காது. பிறந்த குழந்தைக்கான முன்கட்டுச் சட்டை, தையல் வெளிப்பக்கம் வரும் அந்த மாடல், 3,000 துண்டு, வரும் வசந்தகால சீசனுக்கு. இதை எடுப்பார்களா என்றுதான் நீ அவர்களிடம் கேட்டிருந்தாய். அவர்கள் எழுதியது நாலே வரி: மாதிரிகளுக்கு நன்றி, துணி மிருதுவாக இருப்பதாக உள்ளே எல்லாரும் சொன்னார்கள், வசந்தகால வரிசை ஏறக்குறைய அமைந்துவிட்டதால் நேரம் கொஞ்சம் கடினமாக இருக்கிறது, ஆனாலும்...; தொடர்ந்து பரிசீலிக்கிறோம், ஏதாவது இருந்தால் எங்கள் பக்கமிருந்து தொடர்பு கொள்கிறோம்.

இந்த சீசனுக்கு இது 'இல்லை'தான். நம் பக்கம் பெண் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்பார்களே, அதே ஜாதி. ஆனால் எந்த வார்த்தையை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்பது முக்கியம். நீ சந்தேகப்பட்டது மூன்றாவது வரியை. எனக்கு உறுதியானது நாலாவது வரியில்.

ஜப்பானியத்தில் 'முஸுகஷீ', அதாவது 'கடினம்', தனியாக வந்தால் பெரும்பாலும் மறுப்பு. ஆனால் அது எதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். "3,000 துண்டு என்றால் கடினம்" என்று எழுதியிருந்தால் அது பேரம். 1,000 என்றால் முடியுமா என்று நீ கேட்க அவர்களே வாசலைத் திறந்து வைக்கிறார்கள். "இந்த விலையில் கடினம்", "பிப்ரவரிக்குள் சரக்கு வராவிட்டால் கடினம்" என்பதும் அப்படியே. நீ மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று அங்கே பெயர் சொல்லி நிற்கிறது. உனக்கு வந்ததில் கடினமானது 'நேரம்'. வரிசை அமைந்துவிட்டது என்கிறார்கள். அதை நீயோ நானோ மாற்ற முடியாது. நம்மால் சரிசெய்ய முடியாத காரணமாகப் பார்த்துச் சொல்வதே அங்கே மரியாதை. துணியைக் குறை சொல்லவில்லை, விலையைக் குறை சொல்லவில்லை, யார் மனசும் நோகவில்லை. வாக்கியத்தை 'ஆனாலும்' என்று பாதியில் விட்டிருப்பதையும் கவனி. மீதியை நீ நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி விடுவது.

நாலாவது வரியில் 'கெந்தோ', பரிசீலனை, என்ற சொல் இருப்பதால் நீ நம்பிக்கை வைத்திருக்கிறாய். அந்தச் சொல் பொய்யானதல்ல. ஜப்பானியக் கம்பெனிகளில் நிஜமாகவே பரிசீலனை நடக்கும், அதற்கு நாளும் பிடிக்கும். உனக்கு மெயில் எழுதுகிற அந்தக் கம்பெனி அம்மாவுக்குத் தனியாக முடிவு எடுக்கும் அதிகாரம் இருக்காது. 'ரிங்கி' என்று ஒரு குறிப்பு தயாரிப்பார்கள். அது பிரிவுத் தலைவர், துறைத் தலைவர் என்று மேலே போய் ஒவ்வொருவர் முத்திரையும் வாங்க வேண்டும். காகிதம் சுற்றுவதற்கு முன்னாலேயே ஆள் ஆளாகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கி வைப்பதும் உண்டு. ஆக வாரக்கணக்கில் தாமதமானால் அது தானாகவே மறுப்பு ஆகிவிடாது.

ஆனால் அந்தக் குறிப்பு உண்மையில் நகர்ந்துகொண்டிருந்தால் அதில் இணைக்கக் காகிதம் வேண்டும். அதை உன்னிடம்தான் கேட்டாக வேண்டும். குழந்தைத் துணி என்பதால் முதல் கேள்வி ஃபார்மால்டிஹைடு சோதனை அறிக்கையாக இருக்கும். 24 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் உள்ளாடைக்கு அங்கே சட்ட வரம்பு 16 பிபிஎம். அதைத் தாண்டினால் விற்க முடியாது. அடுத்து 'கென்ஷின்', அதாவது உடைந்த ஊசி முனை துணிக்குள் தங்கியிருக்கிறதா என்று கருவியில் ஓட்டிப் பார்த்த சான்று. துவைக்கும் குறியீடு ஜப்பான் முறைப்படி அச்சிட்டுத் தர முடியுமா, லேபிளை வெளிப்பக்கம் தைப்பீர்களா என்றும் வரும். இதில் ஒன்றுகூட அவர்கள் கேட்கவில்லை. தேதி சொல்லவில்லை. அடுத்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லவில்லை. 'எங்கள் பக்கமிருந்து தொடர்பு கொள்கிறோம்' என்று முடித்துவிட்டார்கள். நீங்கள் மறுபடி கேட்க வேண்டாம் என்பதன் பணிவான வடிவம் அது. 'அடுத்த வாரத்துக்குள் பதில் தருகிறோம்' என்று ஒரு நாள் குறித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இன்னொன்றையும் எடை போட வேண்டும், மெயில் வந்த மாதம். மார்ச் 31ல் அங்கே பல கம்பெனிகளுக்குக் கணக்காண்டு முடிகிறது, ஏப்ரல் 1ல் ஆட்கள் இடம் மாறுகிறார்கள். மே முதல் வார விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் பண்டிகை, டிசம்பர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரை. இந்த நாட்களில் மௌனத்துக்கு அர்த்தம் தேட வேண்டாம். உனக்கு வந்தது அக்டோபரில், நீண்ட விடுமுறை எதுவும் இல்லாத சமயம். அதோடு, வசந்தகாலக் குழந்தைத் துணி பிப்ரவரி, மார்ச்சில் கடைக்கு வர வேண்டுமென்றால் அக்டோபரில் வரிசை அமைந்திருப்பது இயல்புதான். காரணம் சாக்காக மட்டும் இல்லாமல் உண்மையாகவும் இருக்கலாம். அதனால்தான் 'இந்த சீசனுக்கு' என்று சொன்னேன்.

நீ அனுப்பலாமா என்று கேட்ட வரைவு வேண்டாம். விலையை 8 சதவீதம் குறைக்கிறேன் என்கிறாய். அவர்கள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. கேட்காமலே குறைத்தால், முதலில் சொன்ன விலையில் அவ்வளவு காற்று இருந்ததா என்றுதான் நினைப்பார்கள். அடுத்த சீசனில் பேச்சு அங்கிருந்து தொடங்கும். "எடுப்பீர்களா மாட்டீர்களா, தெளிவாகச் சொல்லுங்கள்" என்ற வரியையும் எடுத்துவிடு. வாயால் சொல்லாமல் தவிர்த்த ஒன்றை அந்த அம்மா இப்போது எழுத்தில் சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கடம் உன் பெயரோடு சேர்ந்தே நினைவில் நிற்கும். இன்னும் இரண்டு செட் மாதிரி இலவசமாக அனுப்புவதும் நல்லதல்ல. பதில் செய்ய முடியாத கடன் அவர்கள் தலையில் ஏறும். இவற்றைவிட மோசமானது, கோபித்துக்கொண்டு பதிலே போடாமல் விடுவது.

நாளைக்குள் ஐந்தாறு வரியில் பதில் போடு. அதே மெயிலுக்குப் பதிலாகவே போகட்டும், தலைப்பை மாற்றாதே. முதலில் நன்றி. பொதுவாக இல்லாமல், மாதிரிகளை உள்ளே பலரிடம் காட்டிக் கருத்தும் கேட்டு எழுதினார்களே, அந்த வேலைக்கு. அடுத்து, வசந்தகால வரிசை அமைந்துவிட்டது புரிந்தது என்று ஒரே வரி. 'ஷோச்சி இதாஷிமஷித்தா' என்பது அதற்கான வழக்கமான தொடர். 'நீங்கள் மறுத்ததை' என்று எழுதிவிடாதே. அவர்கள் மறுக்கவில்லை, நேரம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பிறகு கேட்டதை நீயே மூடிவிடு. இந்த இடத்துக்கென்றே 'கோஹோனென் குதசாய்' என்று ஒரு தொடர் உண்டு, இந்த விஷயத்தை மனசிலிருந்து இறக்கி வையுங்கள் என்று பொருள். இந்த ஒரு வரி அந்த அம்மாவின் மேசையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்துவிடும். அதற்கு மேல் கேள்வியே வேண்டாம்.

மொத்தத்தில் இப்படி வரும்:

"மாதிரிகளைப் பலரிடம் காட்டிக் கருத்துச் சொன்னதற்கு மிக்க நன்றி. துணி மிருதுவாக இருப்பதாகச் சொன்னது எங்கள் தறிக்காரர்களுக்கும் மகிழ்ச்சி. வசந்தகால வரிசை அமைந்துவிட்டது குறித்துப் புரிந்துகொண்டோம். இந்த முறை எங்கள் கோரிக்கையைத் தயவுசெய்து மனதிலிருந்து இறக்கி வையுங்கள். மாதிரிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பதில் எழுதவும் சிரமப்பட வேண்டாம். குளிர் கூடுகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

'தறிக்காரர்கள்' என்று கைதவறி எழுதிவிட்டேன். உன்னுடையது பின்னலாடை, 'பின்னல் பிரிவு' என்று போட்டுக்கொள். பருவம் பற்றிய கடைசி வரியை விட்டுவிடாதே, அங்கே அது இல்லாத கடிதம் மொட்டையாகத் தெரியும். நீ ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வரிசை பொருந்தும். அந்த இரண்டு தொடர்களை மட்டும், ஜப்பானியத்தில் எழுதுபவர் யாரிடமாவது சரிபார்த்துச் சேர்த்துக்கொள்.

உனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை, நூலையும் 3,000 துண்டுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாய் என்றால், 'மனதிலிருந்து இறக்கி வையுங்கள்' என்ற வரிக்குப் பதில் இதைப் போடலாம்: "ஒதுக்கிய நூலை நவம்பர் 10 வரை வைத்திருக்கிறோம், அதன்பின் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வோம். தேவைப்படாவிட்டால் பதில் வேண்டியதில்லை." கெடு அவர்கள்மேல் விழவில்லை, உன் நூல்மேல் விழுகிறது. வேண்டாம் என்றால் அவர்கள் சும்மா இருந்தாலே போதும். உண்மையிலேயே ரிங்கி ஓடிக்கொண்டிருந்தால் 10ஆம் தேதிக்கு முன் "சற்றுப் பொறுக்க முடியுமா" என்று வந்துவிடும். தேதியைச் சொன்னால் நிஜமாகவே அன்று நூலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அதன்பின் டிசம்பர் நடுவில் ஆண்டு முடிவு வாழ்த்து ஒன்று, வியாபாரம் பேசாமல். இலையுதிர்கால, குளிர்கால வரிசைக்கு அவர்கள் எப்போது மாதிரி பார்க்கத் தொடங்குவார்கள் என்பதைப் புத்தாண்டு விடுமுறை கழிந்து ஜனவரி நடுவில் கேள். அப்போது 16 பிபிஎம் சோதனை அறிக்கையையும் ஊசிச் சான்றையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே இணைத்து அனுப்பு. அதற்கும் இதே நாலு வரி வந்தால், இந்த வாடிக்கையாளரை விட்டுவிட்டு டோக்கியோ பக்கம் பார்க்கலாம். அங்கே யாரைக் கேட்பது என்று அப்போது எழுதுகிறேன்.

வரைவைத் திருத்தி எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பார்த்துத் தருகிறேன். அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்