ரூட்டருக்குக் கீழே நின்று முடித்துவைத்த புகாரை மீண்டும் திறக்கக் கோரி

அனுப்புநர்:
தங்கள் இணைய வாடிக்கையாளர்,
தோட்டப்பாளையம், வேலூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: பின்கட்டில் வைஃபை வேகம் இல்லாதது, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளைத் தனித்தனிப் பெயரில் பிரித்துத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதம் தவறாமல் பணம் கட்டிவருகிறேன். பின்கட்டு அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என் மகளுக்கு வீடியோ கால் அடிக்கடி அறுந்துபோகிறது என்று புகார் கொடுத்தேன். வந்த டெக்னீஷியன் தம்பி, கூடத்தில் ரூட்டருக்குக் கீழே நின்றபடி தன் போனில் வேகம் பார்த்தார். 190 காட்டியது. "லைன் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். அன்று மாலையே "புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. பின்கட்டில் அவர் கால் வைக்கவே இல்லை.

அவர் பார்த்த 190 உண்மையான எண்தான். கூடத்தில் அவர் போன் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இருந்தது. அதில் நீங்கள் கொடுத்த ரூட்டர் 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலைப் பயன்படுத்துகிறது. 2.4 பட்டை முழுவதையும் சேர்த்தாலே ஏறக்குறைய அவ்வளவு அகலம்தான் வரும். அகலம் கூடினால் அதே நேரத்தில் கூடுதல் டேட்டா போகும். ஆகவே ரூட்டர் இருக்கும் அறையில் 5 பட்டையே வேகம். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் எங்களுடையது பழைய வீடு. கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஒன்றரை அடி கனத்தில் இரண்டு செங்கல் சுவர்கள் இருக்கின்றன. அதிர்வெண் ஏற ஏற இப்படிப்பட்ட சுவர் சிக்னலை அதிகமாக விழுங்கும். மகளின் அறையில் போனின் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்தால் எந்தப் பட்டை, என்ன இணைப்பு வேகம் என்று இரண்டும் தெரிகிறது. கூடத்தில் 5 பட்டையில் 866 என்று இருந்த இணைப்பு வேகம் அங்கே 32 ஆகிவிடுகிறது. ஸ்பீட் டெஸ்ட் 6-ஐத் தாண்டுவதில்லை. அதே இடத்தில் போன் தற்செயலாக 2.4-க்கு மாறும்போது இணைப்பு 57, டெஸ்ட் 25 வருகிறது. வீடியோ காலுக்கு அது தாராளம்.

போன் ஏன் தானாக 2.4-க்குப் போவதில்லை என்பதில்தான் என் குறையே இருக்கிறது. இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்து, எதில் சேர்வது என்பதை ரூட்டரும் போனும் பார்த்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறீர்கள். கூடத்தில் 5-ல் சேர்ந்த போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தால், சிக்னல் அறுந்துபோகும் நிலைக்கு வரும்வரை அது 5-ஐ விடுவதில்லை. இதை மாற்றலாம் என்றால் ரூட்டரின் செட்டிங் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். பணம் கட்டுகிறவர் தன் வீட்டுக்குள் எந்தப் பட்டையைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்கக்கூட முடியாமல் இருப்பது நியாயமே இல்லை.

2.4-க்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் தெருவைச் சுற்றி மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகள் தங்கும் லாட்ஜுகள் நெருக்கமாக இருக்கின்றன. மாடிக்கு மாடி ஒரு ரூட்டர். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாமல் வைக்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் அனுப்பும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். அதனால் விடியற்காலையில் 25 கிடைக்கும் பின்கட்டில் இரவு எட்டு மணிக்கு 10-தான் வருகிறது. நீங்கள் 2.4-ஐ 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்திருப்பதால் இன்னும் அதிகம் பேரோடு மோதுகிறது. இவ்வளவு நெரிசலான தெருவில் அகலத்தை 20 ஆகக் குறைப்பதே நல்லது. பக்கத்து லாட்ஜ் சிக்னல்களால் 5-க்கு இவ்வளவு தொல்லை இல்லை. அதில் சேனல்கள் அதிகம்; வெளியார் சிக்னல் எங்கள் சுவரைத் தாண்டி உள்ளே வருவதும் குறைவு.

எனவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டும். இரண்டு பட்டைக்கும் தனிப் பெயர் வையுங்கள். கூடத்து டிவியை 5-லும் மகளின் லேப்டாப்பை 2.4-லும் நாங்களே இணைத்துக்கொள்கிறோம். 2.4-ன் அகலத்தை 20-க்குக் குறைத்து, 1, 6, 11-ல் எது காலியாக இருக்கிறது என்று மாலை ஏழு மணிக்கு மேல் வந்து பார்த்து வையுங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்தால் இரவு நெரிசல் தெரியாது. இதற்குப் பிறகும் இரவில் கால் அறுந்தால், கூடத்திலிருந்து பின்கட்டுக்கு லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் வைக்க வேண்டும். சுவருக்கு உண்மையான தீர்வு அதுதான். கேபிள் செலவை நான் ஏற்கத் தயார்.

இந்த முறை வருபவர் மகளின் மேசைமேல் போனை வைத்து இரண்டு பட்டையிலும் வேகம் பார்த்து, அந்த இரண்டு எண்களையும் புகார்ப் பதிவில் எழுதிய பிறகே அதை முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தோட்டப்பாளையம், வேலூர்.