குழாய் சாலையைக் கடக்க: பொறியாளருக்கான கடிதம் தயார்

வணக்கம். சத்துவாச்சாரியில் நம் தெருவின் குறுக்கே குடிநீர்க் குழாய் போட, சனி இரவு 10 முதல் ஞாயிறு காலை 5 மணி வரை சாலையை மூட அனுமதி கேட்டு மாநகராட்சிப் பொறியாளருக்குக் கடிதம் எழுதியாச்சு. தெரு அகலம் 5 மீட்டர்தான். பாதி பாதியாக வெட்டினால் தோண்டிய மண்ணைக் கொட்டவே இடம் இருக்காது. ஆம்புலன்ஸ் வர பின்தெரு வழியை வரைபடத்தில் காட்டியிருக்கிறோம்.

பள்ளத்தை 15 செ.மீ. அடுக்குகளாகத் தண்ணீர் விட்டு, திமிசு போட்டுத்தான் மூடுவோம் என்றும் எழுதியிருக்கிறோம். போன தடவை மண்ணை மொத்தமாகத் தள்ளி மூடியதில், முதல் மழைக்கே பால் வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கியது நினைவிருக்கும்.

அப்புறம், வீட்டுக்கு ஒரு கையெழுத்து வேண்டும். இன்று மாலை 6 மணிக்குப் பிள்ளையார் கோயில் திண்ணைக்கு வாருங்கள்.