பதாகையில் என் பட்டம் உங்களுடையது, விடுப்பில் மட்டும் என் சொந்த வேலையா?

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் முதல்வர் அம்மா அவர்களுக்கும்,

வணக்கம். இம்மாதம் 3ஆம் தேதி நான் கொடுத்த விடுப்பு விண்ணப்பம் 7ஆம் தேதி மாலை என் மேசைக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டு வரிகள்: "பட்டமளிப்பு விழா சொந்த வேலை. ஒரு நாள் மட்டும்." அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டேன். கல்லூரி வாசலில் என் புகைப்படத்தோடு பத்தடிப் பதாகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "எங்கள் வேதியியல் துறையின் புதிய முனைவருக்கு நிர்வாகத்தின் வாழ்த்துகள்." வாசலில் அது எங்கள் பட்டம், விண்ணப்பத்தில் சொந்த வேலை. இரண்டுக்கும் இடையே இருநூறடி தூரம்கூட இல்லை.

விழா 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குச் சென்னையில். அதற்கு நான் கேட்டது வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுப்பு, புதன்கிழமை கடைசிப் பாடவேளைக்கு அனுமதி, சனிக்கிழமை முற்பகல். நீங்கள் தந்திருப்பது வெள்ளிக்கிழமை மட்டும். வியாழன் இரவு ரயிலேறினால் விடியும்போது சென்னை, விழா முடிந்ததும் மாலையே திரும்ப ரயில், பிறகென்ன என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பட்டமளிப்பு விழாவை சினிமாக் காட்சி என்று எண்ணிக்கொண்டால் மிகச் சரி.

வியாழன் பிற்பகல் 2 மணிக்கு ஒத்திகை இருக்கிறது. அது சடங்குக்கு வைப்பதல்ல. அங்கியும் இருக்கை எண்ணும் நுழைவு அட்டையும் அப்போதுதான் தருகிறார்கள். முனைவர் பட்டம் பெறுகிறவர்கள் ஒவ்வொருவராக மேடையேறுகிறார்கள். யாருக்குப் பின் யார் நிற்பது என்ற வரிசையும் அங்கேதான் முடிவாகிறது. ஒத்திகைக்கு வராதவரின் பெயர் அந்த வரிசையில் இருக்காது. அவர் விழா முடிந்த பின் ஒரு சாளரத்தில் கையெழுத்திட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகலாம். மறுநாள் காலை 8.30க்குள் எல்லோரும் இருக்கையில் இருக்க வேண்டும். வேந்தர் வருகிற விழா, பாதுகாப்புக் கெடுபிடி, அதன்பின் கதவு திறக்காது. நாகர்கோவிலிலிருந்து வருகிற ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால், நான் அங்கே போய்ச் சேருவது மூடிய கதவைப் பார்க்கத்தான். ஆகவே புதன் மாலை புறப்பட வேண்டும், வியாழன் காலை சென்னையில் இருக்க வேண்டும். வெள்ளி மாலை திரும்ப ரயிலேறினால் சனிக்கிழமை காலை ஊர். ரயில் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதற்காகத்தான் சனிக்கிழமை முற்பகலைக் கேட்டேன். பிற்பகல் ஆய்வகத்துக்கு வந்துவிடுவேன்.

தபாலில் வாங்கிக்கொள்ளலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. நேரிலா, தபாலிலா என்று விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட்டுக் கட்டணம் கட்டியாயிற்று. மேலும், தபாலில் வாங்கிய அனுபவமும் எனக்கு உண்டு. என் முதுகலைப் பட்டம் அப்படித்தான் வந்தது. அன்றைக்கும் இதே போல விடுப்பு இல்லை. தேர்வு மேற்பார்வையில் நின்றுகொண்டிருந்தேன். காவலாளி அண்ணன் ஜன்னல் வழியாக உறையை நீட்டினார், ஒரு மூலை மழையில் நனைந்திருந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லாமல், எண்ணாத விடைத்தாள்களுக்கு அடியில் வைத்துவிட்டு மணியடிக்கும் வரை அறையைச் சுற்றி வந்தேன். அதை நினைத்து நான் அழவில்லை. ஆனால் இன்னொரு முறை அப்படி வாங்க மாட்டேன்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. என் வாய்மொழித் தேர்வு முடிந்து பதினாறு மாதங்கள் ஆகின்றன. அந்தத் தேதியிலிருந்தே பட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டேன் என்று பல்கலைக்கழகம் தந்த தற்காலிகச் சான்றிதழ் சொல்கிறது. ஊதிய உயர்வு கேட்டு அதை அலுவலகத்தில் கொடுத்தேன். மூலச் சான்றிதழ் வேண்டும், அதில் அச்சிட்டிருக்கும் தேதியிலிருந்துதான் உயர்வு என்றார்கள். மூலச் சான்றிதழில் அச்சாகும் தேதி பட்டமளிப்பு விழாத் தேதி. வேந்தரின் நாள் கிடைக்காமல் விழா தள்ளிப்போக, பதினாறு மாத உயர்வு எனக்கு இல்லை என்றாகிவிட்டது. சரி, அந்தத் தேதியாவது இப்போது வந்துவிட்டது, போய் வாங்கி வருகிறேன் என்றால் விடுப்பு இல்லை. ஆனால் கல்லூரியைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கு அனுப்பும் பட்டியலில் முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர் எண்ணிக்கையில் போன மாதமே நானும் ஒருத்தி. அந்தப் பட்டியலுக்குத் தற்காலிகச் சான்றிதழின் நகலே போதுமானதாக இருந்தது.

மாதத்துக்கு ஒரு தற்செயல் விடுப்புதான் என்று விதியைக் காட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 12 நாளில் நான் இதுவரை எடுத்தது நான்கு. சனிக்கிழமை முற்பகல் வராவிட்டால் ஞாயிறையும் சேர்த்துச் சம்பளம் பிடிப்போம் என்றும் சொல்லப்பட்டது. மே மாத வெயிலில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராகத் துண்டறிக்கையோடு அனுப்பினீர்கள், நான்கு ஞாயிறுகள் போயின. அந்த ஞாயிறுகளுக்கு எந்த விதியும் இல்லை. என் இளங்கலை, முதுகலை மூலச் சான்றிதழ்கள் ஏழு ஆண்டுகளாக உங்கள் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. புதியதையும் வாங்கி வந்ததும் கேட்பீர்கள் என்று தெரியும். நான் போனால்தானே உங்கள் அலமாரிக்கும் அது வரும்?

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

என் வகுப்புகள் எதுவும் காலியாக இருக்கப்போவதில்லை. வியாழன் மூன்று வகுப்புகள், வெள்ளி இரண்டு, சனி முற்பகல் ஒன்று, புதன் கடைசிப் பாடவேளை ஆகியவற்றுக்குத் துறையின் நான்கு சகாக்கள் மாற்று ஏற்பாட்டுப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் திருப்பிச் செய்ய வேண்டிய வகுப்புகளின் தேதிகளையும் எழுதிவிட்டேன். அந்தப் படிவம் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தேன். திரும்பி வந்தபோது அதைப் பிரித்த அடையாளமே இல்லை, குண்டூசி குத்திய இடத்திலேயே இருந்தது.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்காக வருந்துகிறேன். தனியாக எழுதியது சிவப்பு மையோடு திரும்பிவிட்டது. எனக்கு அடுத்து இதே துறையில் இருவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துக் காத்திருக்கிறார்கள். அவர்களும் இதே கேள்வியோடு உங்கள் அறை வாசலில் நிற்பார்கள்.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்கிறேன். 20, 21 ஆகிய இரண்டு நாட்களும், 19ஆம் தேதி கடைசிப் பாடவேளையும், 22ஆம் தேதி முற்பகலும் எனக்கு வேண்டும். பணி நிமித்தமாகக் கருத மனமில்லையென்றால் என் மீதமுள்ள எட்டு நாட்களிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். விழாத் தேதியே மூன்று வாரங்களுக்கு முன்புதான் அறிவிக்கப்பட்டதால் முன்பதிவில் எனக்குக் கிடைத்தது காத்திருப்போர் பட்டியல். 19ஆம் தேதி ரயிலுக்கான படுக்கை வசதித் தத்கல் 18ஆம் தேதி காலை 11 மணிக்குத் திறக்கும். அந்நேரம் எனக்கு இரண்டாம் ஆண்டு ஆய்வக வகுப்பு. டிக்கெட் எடுக்கத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அதற்கு முன் தங்கள் பதில் கிடைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பதாகையில் இருப்பவள்,
உதவிப் பேராசிரியை, வேதியியல் துறை