24/34 என்றால் எந்த வீடு? கதவு எண்கள் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி வருவாய்ப் பிரிவு அலுவலர்களுக்கு வணக்கம்.

பழைய ஊர்களில் சொத்து வரி ரசீதை எடுத்தால் கதவு எண் இருக்கும் இடத்தில் '24/34' என்று அச்சாகியிருக்கிறது. எது பழையது, எது புதியது என்று அதில் இல்லை. பழைய எண் 24, புதிய எண் 34 என்று ஒருவர் படிப்பார். இன்னொருவர் அதையே தலைகீழாகப் படிப்பார். ஊராட்சியாக இருந்து நகரத்தோடு சேர்ந்த பகுதிக்காரர், 24-ஆவது வார்டில் 34-ஆம் வீடு என்பார். எண் 12/3 போலச் சிறியதாக இருந்தால், 12-ஆம் வீட்டைப் பாகம் பிரித்ததில் மூன்றாவது பாகம் என்றும் கொள்ளலாம். நான்கும் நம் ஊர்களில் நடைமுறையில் உள்ள எழுத்து முறைகளே. அந்தச் சாய்கோட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

எண்கள் ஏன் மோதுகின்றன என்பதற்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக ஓடும் தெரு, பக்கத்துக்கு 20 வீடு. பழைய முறைகளில் ஒன்று, தெருவைச் சுற்றி வருவது. மேற்கு முனையில் தொடங்கி வடக்கு வரிசையில் 1 முதல் 20 வரை போய், கிழக்கு முனையில் திரும்பி, தெற்கு வரிசையில் 21 முதல் 40 வரை வந்து முடியும். புதிய முறையில் வடக்கு வரிசைக்கு ஒற்றைப்படை, தெற்கு வரிசைக்கு இரட்டைப்படை. இரண்டும் மேற்கு முனையிலிருந்தே தொடங்கும். இப்போது பழைய 24-ஐப் பாருங்கள். அது தெற்கு வரிசையில் மேற்கிலிருந்து 17-ஆவது வீடு, ஆகவே புதிய எண் 34. பழைய 34 அதே வரிசையில் 7-ஆவது வீடு, அதன் புதிய எண் 14. புதிய 24 என்பதோ 12-ஆவது வீடு, அதன் பழைய எண் 29. இந்த 40 வீட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக இருப்பது 1-ஆம் எண் வீடு ஒன்றுக்குத்தான். மற்ற 39 எண்களும் ஒவ்வொன்றும் இரண்டு வீட்டைக் குறிக்கின்றன. பழைய பலகையும் கழற்றப்படாமல், புதிய பலகையும் மாட்டப்பட்ட தெருவில் '24-ஆம் நம்பர் வீடு' என்று கேட்டு வருகிறவருக்கு இரண்டு வாசலில் விடை கிடைக்கும். இரண்டும் சரியான விடை.

எந்த முறையில் எண்ணிட்டார்கள் என்பதைத் தெருவில் நின்றே கண்டுபிடிக்கலாம். எதிரெதிர் வீடுகளின் எண்ணைப் பார்க்க வேண்டும். சுற்று முறையானால் எதிரெதிர் எண்களின் கூட்டுத்தொகை தெரு முழுக்க மாறாது. நம் தெருவில் 17-க்கு எதிரே 24, கூட்டினால் 41. 7-க்கு எதிரே 34, அதுவும் 41. ஒற்றை இரட்டை முறையானால் எதிர் வீட்டுக்கு ஒன்றுதான் வித்தியாசம், பக்கத்து வீட்டுக்கு இரண்டு. கூட்டுத்தொகை எந்த இடத்தில் தடம் மாறுகிறதோ அங்கே ஒரு மனை பிரிந்திருக்கிறது அல்லது இரண்டு மனை சேர்ந்திருக்கிறது.

அப்படித் தடம் மாறுவதால்தான் கணக்குப் போட்டு மட்டும் பழைய எண்ணைப் புதிய எண்ணாக்க முடிவதில்லை. பழைய எண் போட்டபோது 16-க்கும் 17-க்கும் நடுவே காலி மனை இருந்தது. பிறகு அங்கே வீடு கட்டியவருக்கு 16-ஏ கொடுத்தார்கள் என்று வையுங்கள். புது எண் போடும்போது 16-ஏ தனி வீடாகி 33-ஐ எடுத்துக்கொள்ளும். பழைய 17 இப்போது 35. அதற்குக் கிழக்கே உள்ள வடக்கு வரிசை வீடுகள் எல்லாம் இரண்டிரண்டு தள்ளிப்போகும், தெற்கு வரிசை அசையாது. இந்த விவரம் உங்கள் எண் மாற்றப் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். அது அலமாரியில் இருக்கும்வரை தெருவில் யாருக்கும் உதவாது.

இதன் சுமை முழுவதும் இறங்குவது பத்திரத்தில்தான். தாய்ப் பத்திரத்தில் கதவு எண் 24. பின்னால் வந்த கிரயப் பத்திரத்தில் புதிய எண் என்ற சொல் இல்லாமல் வெறும் 34. கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர் கண்ணுக்கு இவை பத்து வீடு தள்ளியிருக்கும் இரண்டு சொத்துகள். நான்கெல்லையை வைத்துத் தீர்க்கலாம் என்றால், இரண்டு வீடும் தெற்கு வரிசை. இரண்டுக்குமே வடக்கில் தெரு. கிழக்கிலும் மேற்கிலும் எழுதிய பெயர்கள் இரண்டு தலைமுறைக்கு முந்தைய அண்டை வீட்டார். வில்லங்கச் சான்றிலும் இதே கதிதான். அந்தந்தப் பத்திரத்தில் எழுதிய எண்ணே அட்டவணையில் ஏறியிருக்கும் என்பதால், ஒரு கதவு எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் மற்ற எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமல் போகலாம். சர்வே எண்ணைக் கொண்டு தேடுவதே பாதுகாப்பு. அதிலும் நகர அளவை நடந்த ஊரில் பழைய சர்வே எண், அந்த நகர அளவையில் கொடுத்த டி.எஸ். எண் இரண்டையும் பார்க்க வேண்டும். டி.எஸ். எண்ணோடு வரும் 'வார்டு' அளவைத் துறையின் வார்டு, தேர்தல் வார்டு அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு எழுதிய பத்திரங்களுக்கும் குறைவில்லை.

சென்னையில் இன்னொரு அடுக்கும் உண்டு. 2011-இல் 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்து 200 வார்டுகள் ஆயின. சேர்ந்த பகுதிகளில் முன்பு வார்டு எண்ணைச் சேர்த்து எழுதிய கதவு எண்களில், முன்பாதி இன்று வேறு எங்கோ இருக்கும் ஒரு வார்டைக் காட்டும். எனவே எண் எந்த ஆண்டு, எந்த உள்ளாட்சி கொடுத்தது என்பதும் எண்ணின் ஒரு பகுதிதான்.

நாங்கள் கேட்பது பெரிய செலவுள்ள வேலை அல்ல. ரசீதிலும் வரிவிதிப்புப் பதிவேட்டிலும் சாய்கோட்டை எடுத்துவிட்டு 'பழைய எண் 24, புதிய எண் 34' என்று இரண்டு தனிக் கட்டங்களாக அச்சிடுங்கள். பாகம் பிரிந்தால் 34-ஏ, 34-பி என எழுத்தால் காட்டுங்கள், சாய்கோடு வேண்டாம். எண் மாற்றப் பதிவேட்டைத் தெருவாரியாக வெளியிடுங்கள். பழைய எண், புதிய எண், வரிவிதிப்பு எண், டி.எஸ். எண், மாற்றிய தேதி, பிரிந்ததா சேர்ந்ததா காலி மனையில் கட்டியதா என்ற காரணம், இவ்வளவு போதும். உரிமையாளர் பெயர் அதில் தேவையில்லை. காலி மனைக்கும் இப்போதே ஓர் எண்ணை ஒதுக்கிவையுங்கள். நீங்கிய எண்ணை வேறு வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பழைய பலகையை மக்கள் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதன் மேல் 'பழைய' என்ற ஒரு சொல் இருந்தால் போதும்.

பதிவேடு வெளியாகும்வரை, இரண்டு எண்ணும் ஒரே கட்டடத்தைத்தான் குறிக்கின்றன என்ற சான்றைக் கேட்டு வருகிறவரை அலைய விடாதீர்கள். அவர் கொண்டுவர வேண்டியவை எண் மாறுவதற்கு முந்தைய ஒரு வரி ரசீது, மாறியதற்குப் பிந்தைய ஒரு ரசீது, பத்திர நகல். இரண்டு ரசீதிலும் வரிவிதிப்பு எண் ஒன்றாக இருந்தால் அன்றே கொடுக்கலாம். வரிவிதிப்பு எண்ணும் மாறியிருந்தால் மட்டும் வருவாய் ஆய்வாளர் ஒருமுறை தெருவுக்குப் போய், இடமும் வலமும் எதிரும் உள்ள மூன்று வீட்டின் இரட்டை எண்களைக் குறித்துவரட்டும்.

இப்படிக்கு,
பழைய நகரங்களில் பத்திரம் எழுதுவோரும் சொத்து ஆவணங்களைச் சரிபார்ப்போரும்