சேனல் நடத்தும் தம்பி தங்கைகளுக்கு: ஜூலையில் ரசீது தேடாதீர்கள்

வணக்கம்.

மதுரையில் சின்னதாக வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் சமையல் சேனல், ஊர் சுற்றும் சேனல், போட்டித் தேர்வுப் பாடம் எடுக்கும் சேனல் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் வருகிறீர்கள். ஜூலை மாதம் போனைத் திறந்து, வங்கிக் கணக்கைக் காட்டி, "அக்கா, வந்த பணம் எல்லாம் இதுலயே இருக்கு, கூட்டிப் போட்டுருங்க" என்கிறீர்கள். வங்கியில் வந்து விழுந்த தொகை உங்கள் வருமானம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஊர் சுற்றும் சேனல் வைத்திருக்கும் ஒரு தம்பியின் 2024-25 நிதியாண்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். புரிவதற்காகத் தொகைகளைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன், டாலரையும் 84 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அவர் வங்கியில் ஆட்சென்ஸிலிருந்து வந்தது 7,20,000. ஒரு பயணப் பை நிறுவனத்துக்கு வீடியோ செய்து கொடுத்ததற்கு வந்தது 1,08,000. இரண்டையும் கூட்டி 8,28,000 என்று தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான் போட்டு முடித்தபோது மொத்த வரவு 9,10,200. இடையில் 82,200 எங்கே போயிருந்தது?

முதலில் ஆட்சென்ஸ். அமெரிக்காவில் உட்கார்ந்து உங்கள் வீடியோவைப் பார்ப்பவர்களால் வரும் பங்கில் அந்த நாட்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்புகிறார்கள். அமெரிக்க வரிக்காக அவர்கள் கேட்கும் டபிள்யூ-8பென் படிவத்தைச் சரியாக நிரப்பி, பான் எண் கொடுத்து, இந்தியாவோடு உள்ள ஒப்பந்தச் சலுகையைக் கேட்டிருந்தால் 15 சதவீதம். கேட்காவிட்டால் அந்தப் பங்கில் 30 வரை போகும். வரித் தகவலே கொடுக்காமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். ஒரு தடவை நிரப்பினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், அந்தப் படிவத்துக்கும் ஆயுள் உண்டு, மூன்று வருடம் போல ஆனதும் மறுபடி கேட்பார்கள்.

நம் தம்பிக்கு அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது 2,000 டாலர். அதில் 300 டாலர் பிடித்தம், அதாவது 25,200 ரூபாய். அது கைக்கு வரவில்லை, ஆனாலும் அவர் சம்பாதித்த பணம்தான். அதைச் சேர்த்துக் காட்டினால்தான் அங்கே கட்டிய வரியை இங்கே கழிக்கச் சொல்லிக் கேட்க முடியும். வங்கிப் பாஸ்புக்கில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இதற்கான காகிதத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறீர்கள். அவர்கள் கொடுக்கும் 1042-எஸ் படிவம் ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும் உள்ள கணக்கு. நமக்கு ஏப்ரல் முதல் மார்ச். 2024 படிவத்தில் உள்ள பிடித்தத்தை அப்படியே 2024-25 கணக்கில் எழுதினால், முந்தைய நிதியாண்டின் மூன்று மாதம் உள்ளே வந்துவிடும், இந்த ஆண்டின் கடைசி மூன்று மாதம் விட்டுப்போகும். அதனால் ஆட்சென்ஸில் Payments பகுதிக்குப் போய், View transactions திறந்து, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வருமானம், அதில் எவ்வளவு வரிப் பிடித்தம் என்று வரும் வரிகளை மாதாமாதம் பிடிஎஃப்பாக எடுத்து வையுங்கள். 1042-எஸ் ஆதாரத்துக்கு, மாதக் கணக்கு பிரித்து எழுதுவதற்கு. இரண்டும் வேண்டும்.

டாலரை ரூபாயாக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வங்கிக்கு வந்த பணத்துக்கு வங்கி கொடுத்த விலைதான். ஆனால் அங்கே பிடித்த வரியைக் கழிக்கக் கேட்கும்போது, அது பிடிக்கப்பட்ட மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளில் டாலருக்கு ஸ்டேட் வங்கியின் TT வாங்கும் விலை என்ன என்பதைத்தான் எடுக்க வேண்டும். மாதக் கடைசியில் அந்த விலைப் பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைத்தால் பிறகு தேடி அலைய வேண்டாம். அதோடு டாலர் வந்து விழும் ஒவ்வொரு தடவையும் வங்கியிடம் ஃபிரா என்கிற வெளிநாட்டுப் பண வரவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். யார் அனுப்பினார்கள், எத்தனை டாலர், என்ன விலைக்கு மாற்றினார்கள் என்று அதில் இருக்கும். டாலரை மாற்றுவதற்கு வங்கி ஜிஎஸ்டியும் பிடிக்கும். 60,000 ரூபாய் வந்தால் 108 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் அதுவும் உங்கள் செலவுக் கணக்கு.

இரண்டாவது, பயணப் பை நிறுவனம். பேசிய தொகை 1,20,000. பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்து 1,08,000 அனுப்பினார்கள். தம்பி வந்ததை மட்டும் எழுதியிருந்தார். பிடித்த 12,000 அவர் பான் எண்ணில் கட்டப்பட்டு, பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் நிற்கிறது. வருமானமாக 1,20,000 காட்டி, வரியில் 12,000 கழித்துக்கொள்ள வேண்டும். இன்வாய்ஸ் கேட்டேன், வாட்ஸ்அப்பில் "ஓகே ப்ரோ, 1.2" என்று ஒரு செய்தியைக் காட்டினார். தயவுசெய்து தேதி, எண், வேலை, தொகை போட்டு ஒரு பக்க இன்வாய்ஸ் அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவதுதான் அவருக்குப் பெரிய அதிர்ச்சி. ஜூன் மாதம் ஒரு நிறுவனம் விமர்சனம் செய்ய 45,000 ரூபாய் போன் அனுப்பியது, திருப்பிக் கேட்கவில்லை. "அது கிஃப்ட்டுதானேக்கா" என்றார். 2022 ஜூலையில் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு வந்தது. தொழில் சம்பந்தமாக ஒரு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால், கொடுப்பவர் பத்து சதவீத வரி கட்டப்பட்டதை உறுதி செய்ய வேண்டும். அவரிடம் 4,500 ரூபாய் வாங்கிக் கட்டியிருந்தார்கள், அவரோ அதைக் கூரியர் செலவு என்று நினைத்திருந்தார். வருமான வரித் தளத்தில் உள்ள ஏஐஎஸ் என்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கையில் 45,000 என்று தெளிவாக இருந்தது. விமர்சனம் முடிந்ததும் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அது வருமானம் இல்லை, ஆனால் திருப்பி அனுப்பிய கூரியர் சீட்டும் அவர்கள் பெற்றுக்கொண்ட மின்னஞ்சலும் உங்களிடம் இருக்க வேண்டும். வைத்துக்கொண்டால் வருமானத்தில் சேர்த்துவிட்டு, வேலைக்குப் பயன்படுத்தும் பட்சத்தில் 45,000-ஐ அந்தப் போனின் விலையாக வைத்து, வருடா வருடம் அதில் ஒரு பங்கைத் தேய்மானம் என்று செலவில் கழிக்கக் கேட்கலாம்.

25,200, 12,000, 45,000. அந்த 82,200 இதுதான்.

அப்புறம் செலவுப் பக்கம். இங்கேதான் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 92,000 ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்கியிருந்தார், முழுதும் ரொக்கம். விலையைக் கொஞ்சம் குறைத்தார்களாம். தொழிலுக்கான ஒரு பொருளை வாங்க ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தப் பணம் பொருளின் விலையில் சேராது. விலையே இல்லாத பொருளுக்குத் தேய்மானமும் இல்லை. யுபிஐயிலோ வங்கி வழியாகவோ கொடுத்திருந்தால் முதல் வருடமே 15 சதவீதம், அதாவது 13,800 கழிந்திருக்கும், அடுத்தடுத்த வருடங்களிலும் மீதியின் மேல் தொடர்ந்திருக்கும். பில்லை எடுத்துக் காட்டினார். காரின் கண்ணாடி ஓரத்தில் வைத்திருந்த தெர்மல் தாள், வெயிலில் மொத்தமாக வெளிறி, கடைப் பெயரின் இரண்டு எழுத்து மட்டும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இந்தக் கேமராவுக்கு அந்தப் பில் நன்றாக இருந்திருந்தாலும் பயனில்லை. மற்றவற்றுக்கு உயிரே அதுதான், அதனால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

லேப்டாப் 78,000, நவம்பரில் யுபிஐயில் வாங்கியது. கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம், ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். அவருக்குக் கிடைத்தது 15,600. எப்படியும் வாங்கப்போகிற பொருளை செப்டம்பருக்குள் வாங்கியிருந்தால் 31,200. இதிலும் ஒரு சிக்கல், தள்ளுபடிக்காக மச்சான் கணக்கில் ஆர்டர் போட்டதால் பில் மச்சான் பெயரில் இருந்தது. பணம் தம்பியின் கணக்கிலிருந்து போனதற்கு வங்கி ஆதாரம் இருந்ததால், கடைக்காரரிடம் பேசிப் பெயர் மாற்றிய பில் வாங்க முடிந்தது.

பில் உள்ள பயணம், எடிட்டிங், இணையச் செலவு 90,000, லேப்டாப் 15,600, போனுக்கு 6,750. இவை போக நிகர வருமானம் 7,97,850. புதிய முறையில் வரி, செஸ் சேர்த்து 30,976. அதில் இங்கே பிடித்த 16,500 அப்படியே கழிந்தது. அமெரிக்காவில் போன 25,200 முழுதாகக் கழியாது, இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அந்த வருமானத்துக்கு இந்தியாவில் எவ்வளவு வரி வருகிறதோ அந்த அளவுதான் கிடைக்கும். அவருடைய சராசரி வரி நான்கு சதவீதத்துக்கும் கீழே, 1,68,000 ரூபாய்க்குச் சுமார் 6,500. மீதி 8,000 ரூபாய் போல வட்டியோடு கட்டினார். அந்த 6,500-க்கும் வெளிநாட்டில் கட்டிய வரியைக் கழிக்கக் கேட்கும் படிவம் 67 தனியாக ஆன்லைனில் போட வேண்டும், 1042-எஸ்ஸை இணைக்க வேண்டும், ரிட்டர்ன் படிவங்களில் ஐடிஆர்-4 செல்லாது, ஐடிஆர்-3 போட வேண்டும். நான் எப்போதும் ரிட்டர்னுக்கு முன்னாலேயே 67-ஐப் போட்டுவிடுகிறேன்.

2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லையே, இனி எதற்குக் காகிதம் என்று இரண்டு பேர் கேட்டீர்கள். அந்த 12 லட்சம் செலவு போக மிஞ்சும் தொகை. செலவு என்று நீங்கள் சொல்வதற்கு ரசீதுதான் சாட்சி. வரியே வராவிட்டாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட வேண்டும், பிடித்த டிடிஎஸ் திரும்ப வருவதும் அப்போதுதான். அமெரிக்கப் பிடித்தம் மட்டும் அந்த நிலையில் திரும்பாது, ஏனென்றால் கழிக்க இங்கே வரியே இல்லை.

நான் கேட்பது மாதம் அரை மணி நேரம். ஆட்சென்ஸ் பணம் 21-லிருந்து 26-க்குள் வந்துவிடும், 27-ஆம் தேதி உட்காருங்கள். ஒரு கூகுள் ஷீட்டில் தேதி, யாரிடமிருந்து, மொத்தத் தொகை, பிடித்தம், கைக்கு வந்தது என்று ஐந்து கட்டம். கோப்புகளுக்குத் தேதியை முன்னால் வைத்துப் பெயர் கொடுங்கள்:

```
2024-11-27_adsense_fira.pdf
2024-11-14_laptop_bill.jpg
```

மார்ச் மாத வருமானம் ஏப்ரலில்தான் வந்து விழும். அதைச் சம்பாதித்த வருடத்தில் எழுதுவதா, வந்த வருடத்தில் எழுதுவதா என்று ஒரு முறையை முடிவு செய்து, வருடா வருடம் அதையே பின்பற்றுங்கள். மாற்றி மாற்றி எழுதினால் ஒரு வருடத்தில் பதிமூன்று மாதமும் இன்னொன்றில் பதினொன்றும் வந்து நிற்கும்.

அந்தத் தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறார். போன மாதம் ஒரு மைக் வாங்கிவிட்டு, கடை வாசலில் நின்றபடியே பில்லைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். 14,500 ரூபாய், யுபிஐ, பில்லில் அவர் பெயர்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் கணக்கு அக்கா