படிவம் ஐந்து பெற்றோருக்கு: எஸ்.பி.எம். பயம் குறித்து

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

முன்னோட்டத் தேர்வுப் புள்ளிகள் உங்கள் கைக்கு வந்திருக்கும். அவற்றைப் பார்த்ததும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்பதற்காகவே இக்கடிதம்.

மன அழுத்தத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும் 1984இல் விளக்கிய கருத்து இங்கே உதவும். அழுத்தம் தேர்விலிருந்து நேராக வருவதில்லை. பிள்ளையின் மனம் இரண்டு கணக்குப் போடுகிறது. ‘இதில் எனக்கு என்ன போய்விடும்?’ என்பது முதல் மதிப்பீடு. ‘சமாளிக்க என் கையில் என்ன இருக்கிறது?’ என்பது இரண்டாவது. போகக்கூடியது பெரிதாகவும் கையிருப்பு சிறிதாகவும் தெரிந்தால் தேர்வு ஆபத்தாகிறது. கையிருப்பு போதும் என்று பட்டால் அதே தேர்வு சவாலாகிறது.

“செஜாராவில் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது” என்கிறோம். உண்மைதான், ஆனால் பிள்ளைக்கு இது முன்பே தெரியும். இப்படிப் பேசும்போது முதல் கணக்கை மட்டும் ஊதிப் பெருக்குகிறோம். “பயப்படாதே, எல்லாம் நல்லபடி நடக்கும்” என்பதும் இரண்டாவது கணக்கில் எதையும் கூட்டுவதில்லை.

எங்கள் மாணவி ஒருத்தி செஜாரா இரண்டாம் தாளில் கட்டுரைப் பகுதியை வெறுமையாக விட்டு வந்தாள். “எனக்கு மண்டையில் ஏறவே இல்லை” என்றாள். பாடநூலைத் திறந்து ஆசிரியை கேட்டபோது, மலாயா ஒன்றியத்தை மக்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதற்கு நான்கு காரணங்களை வாயால் சொன்னாள். செய்தி தெரிகிறது, அதைக் கருத்து, விளக்கம், எடுத்துக்காட்டு என்று அடுக்கத்தான் தெரியவில்லை. அதன்பின் வாரம் இரண்டு கேள்விக்குக் கட்டுரைச் சட்டகம் மட்டும் எழுதினாள். மூன்றாம் வாரம் ஆசிரியை கேட்காமலே முழுக் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தாள். பயம் முழுக்கப் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை: இதே ஆய்வாளர்கள் 1985இல் பல்கலைக்கழக மாணவர்களிடம் பார்த்தபோது, தேர்வுக்கு முன் பெரும்பாலோரிடம் பயமும் நம்பிக்கையும் சேர்ந்தே இருந்தன.

ஆகவே வீட்டில், “எந்தத் தாள்? அதில் எந்தப் பகுதியில் கை நிற்கிறது?” என்று கேளுங்கள். பதில் எவ்வளவு குறுகலாக வருகிறதோ அவ்வளவு நல்லது. “எல்லாமே” என்று சொன்னால் பழைய தாளை எடுத்து வைத்து, தெரிந்த கேள்விகளுக்கு முதலில் குறியிடச் சொல்லுங்கள்.

எழுதி முடித்த தாளுக்கு இந்த வழி உதவாது. மாற்ற முடியாததைத் தோண்டாமல் சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் என்று மனத்தை ஆற்ற விடுங்கள். முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களுக்கும் இதுவே பொருந்தும்.

கணிதத்தில் அடிப்படையே விட்டுப்போன பிள்ளைக்கு எண்ணத்தை மாற்றச் சொல்வது நியாயமில்லை. அவனுக்குக் கூடுதல் வகுப்பு வேண்டும், பாட ஆசிரியரிடம் பேசுங்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி வந்தாலோ, “இருந்து என்ன பயன்” என்பது போல் பேசினாலோ, தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே எங்கள் ஆலோசக ஆசிரியரை அழையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பட்டர்வொர்த், பினாங்கு