தும்மினால் என்ன சொல்வது?

யாங்கோன்

அன்புள்ள சண்முகம்,

நலம், நலமறிய ஆவல். பேத்தி கல்யாணப் பத்திரிகை கைப்பேசியில் வந்து சேர்ந்தது. வரத்தான் முடியாது. முழங்கால் வலி மாடிப்படி ஏறவே யோசிக்க வைக்கிறது, இதில் விமானம் எங்கே ஏறுவது! மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் பழைய வழக்கப்படி ‘சிரஞ்சீவி’ என்று போட்டிருந்ததைப் பார்த்ததும், போன வாரம் எங்கள் வீட்டில் நடந்த பேச்சை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

கொள்ளுப்பேரன் தும்மினான். என் சம்சாரம் வழக்கம்போல “நூறு” என்றாள். அடுத்த தும்மலுக்கு “இருநூறு”. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாள் டோ மியா சிரித்துவிட்டு, “புத்தர் கதையில் கணக்கு நூற்றிருபதுதான்” என்றார். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் வருகிற கக்கனின் கதை அது. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தும் நான் அதைக் கேட்டதில்லை.

காசி நகரத்துக்கு வெளியே ஒரு சத்திரம். அதில் ஒரு யட்சன். யட்சர்களின் ராஜாவான வைசிரவணனுக்குப் பன்னிரண்டு வருஷம் ஊழியம் செய்து வரம் வாங்கியவன். உள்ளே ஒருவர் தும்மும்போது ‘வாழ்க’ என்று சொன்னவரையும், அதற்குத் திருப்பி ‘நீயும் வாழ்க’ என்று சொன்னவரையும் தொடக்கூடாது, மற்றவர்களைத் தின்னலாம். ஊருக்குள் தங்க இடம் கிடைக்காத கக்கனும் அவன் மகனும் இரவில் அங்கே வந்து படுக்கிறார்கள். யட்சன் தூள் தூவி அப்பனைத் தும்ம வைத்துவிட்டு, உத்தரத்திலிருந்து இறங்குகிறான். மகனுக்குச் சட்டென்று விஷயம் பிடிபடுகிறது. “நூறு வருஷம் வாழ்க, மேலும் இருபது வாழ்க, பிசாசுகள் என்னைத் தின்னாதிருக்கட்டும்” என்கிறான். மகன் தப்பித்தான். ஆனால் வாழ்த்தப்பட்ட அப்பன் இன்னும் தப்பவில்லை! யட்சன் அவன் பக்கம் திரும்புகிறான். அப்பனும் அதே வாழ்த்தை மகனுக்குத் திருப்பிச் சொன்ன பிறகுதான் யட்சன் பசியோடு நிற்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதையைப் புத்தர் எந்தச் சமயத்தில் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. உபதேசம் செய்துகொண்டிருந்தபோது அவர் தும்மினார். பிக்குகள் எல்லோரும் “வாழ்க, வாழ்க” என்று கத்தியதில் உபதேசமே நின்றுபோயிற்று. “வாழ்க என்று சொல்வதால் ஒருவன் வாழ்வானா, சாவானா?” என்று கேட்டு, இனி அப்படிச் சொல்லக்கூடாது என்று விதி போட்டார். அப்புறம் வேறொரு சங்கடம். பிக்கு தும்மினால் ஊர் ஜனங்கள் “வாழ்க, சுவாமி” என்பார்கள். பிக்கு விதிக்குப் பயந்து வாயைத் திறக்க மாட்டார். “என்ன மனுஷர்கள், மறுவார்த்தை சொல்லத் தெரியவில்லையே” என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். “இல்லறத்தார் மங்கலத்தை நம்புகிறவர்கள்” என்று புத்தர் விதியைத் தளர்த்தினார். அவர்கள் வாழ்த்தினால் “சிரம் ஜீவ” என்று பதில் சொல்லலாம். உங்கள் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதானே!

மொகல் தெரு காசிம் பாயிடம் இதைச் சொன்னேன். அவர்கள் வழக்கில் இது மூன்று படி. தும்மியவர் முதலில் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று இறைவனைப் புகழ வேண்டும். கேட்டவர் ‘யர்ஹமுகல்லாஹ்’, அல்லாஹ் உனக்கு அருள் செய்யட்டும் என்பார். தும்மியவர் திரும்ப, உங்களுக்கு நேர்வழி காட்டி உங்கள் நிலையைச் சீராக்கட்டும் என்று முடிப்பார். முதல் படியை அவர் சொல்லாவிட்டால் மற்றவருக்குக் கடமை இல்லை. மூன்று தும்மலுக்கு மேல் போனால் அது சளி, வாழ்த்து வேண்டாம் என்றார் பாய். என் சம்சாரம் ‘ஐந்நூறு’ வரைக்கும் போவாள். இதில் வயசுக் கணக்கே கிடையாது, கவனித்தாயா? தடிஞ்சுட் பௌர்ணமிக்குப் பெரியவர்களைக் கும்பிடப் போனால் பர்மாக்காரர்கள் சொல்வதிலும் உடம்பு நலமும் செல்வமும்தான் முன்னால் வரும்: “ச்சான்மா பாஸே, ச்சான்தா பாஸே.”

நம்மிடம் ‘நூறு’ உண்டு, பதில் இல்லை. குழந்தை சிரிக்கும், பெரியவனானால் காலில் விழுவான், அவ்வளவுதான். வள்ளுவர் காட்டும் பெண் மட்டும் விதிவிலக்கு. அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே “யாருள்ளித் தும்மினீர்” என்று அழுகிறாள். யாரோ நினைத்தால்தான் தும்மல் வரும் என்ற நம்பிக்கை அது. அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான். யார் நினைப்பதை மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகை! பதில் சொல்லியிருந்தாலும் அவன் தப்பியிருக்க மாட்டான்.

உங்கள் ஊர்ப் பக்கம் தும்மலுக்குக் குழந்தைகள் ஏதாவது திருப்பிச் சொல்வதுண்டா? உன் வீட்டுக்காரியிடம் கேட்டு எழுது. பொண்ணு மாப்பிள்ளைக்கு எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதத்தையும் சொல். நூற்றிருபது என்றே சொல்.

உன்,
வேலாயுதம்